பால் பாஸ்டர் பதனமும் ஆலைச் சோதனைகளும்

பாஸ்டர் பதனம் என்பது பாலின் சுவையையும் தன்மையையும் பெரிதும் மாற்றாமல், அதில் இருக்கக்கூடிய நோய்க்கிருமிகளை அழிக்கும் அளவுக்கு மட்டும் பாலைச் சூடாக்கி உடனே குளிர்விக்கும் முறையாகும். இது பாலைக் கொதிக்க வைத்தல் அன்று. பாலை முற்றிலும் கிருமியற்றதாக ஆக்குவதும் அன்று. இம்முறையில் வெப்பநிலை, அந்த வெப்பநிலையில் பால் இருக்கும் நேரம் ஆகிய இரண்டும் சேர்ந்தே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

பாஸ்டர் பதனம் செய்யப்பட்ட பாலுக்கும் செய்யப்படாத பாலுக்கும் கண்ணுக்கோ நாவுக்கோ தெரியும் வேறுபாடு பெரிதாக இல்லை. ஆகவே ஒரு பால் ஆலையில், பால் சூடானதா என்பதைக் காட்டிலும், பையில் அடைக்கப்பட்ட பாலின் ஒவ்வொரு துளியும் சூடானதா என்பதே கடினமான வினா. அவ்வினாவுக்கு ஆலை எவ்வாறு விடை காண்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## வரலாறு

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1860களில் திராட்சை மது கெடுவதைத் தடுப்பதற்காக இம்முறையை உருவாக்கினார். பாலுக்கு இதனைப் பயன்படுத்தலாம் என 1886இல் செருமானிய வேதியியலாளர் பிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் முன்மொழிந்தார். 1908இல் அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதனைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. பால் வழியே பரவிய காசநோயே அக்காலத்தில் முதன்மையான அச்சமாக இருந்தது. எனவே காசநோய்க் கிருமியை அழிக்கத் தேவையான வெப்பமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

பின்னர், கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா பர்னெட்டி என்னும் நுண்ணுயிர் காசநோய்க் கிருமியைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தாங்குவது தெரியவந்தது. ஆகவே 1956இல் அமெரிக்காவில் தொட்டி முறைக்கான வெப்பநிலை 61.7 பாகை செல்சியசிலிருந்து 62.8 பாகையாக உயர்த்தப்பட்டது. இன்று பொதுவாகக் கூறப்படும் "63 பாகையில் 30 நிமிடம்" என்னும் அளவு இதிலிருந்து வந்ததே.

## வெப்பமும் நேரமும்

இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. முதலாவது தொட்டி முறை. இதில் பாலை ஒரு தொட்டியில் இட்டு, கிளறிக்கொண்டே 63 பாகையில் 30 நிமிடம் வைத்திருப்பர். இரண்டாவது உயர்வெப்பக் குறுநேர முறை. இதில் பால் நில்லாமல் ஓடிக்கொண்டே 72 பாகையில் 15 நொடிகள் இருக்கும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் பாலைக் கையாளும் ஆலைகளில் பெரும்பாலும் இரண்டாவது முறையே உள்ளது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இரண்டையும் ஏற்கின்றன.

இவ்விரு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 30 நிமிடம் என்பது 1800 நொடி. 15 நொடியைப் போல 120 மடங்கு. வெப்பநிலையோ 9 பாகைதான் கூடியுள்ளது. அதாவது ஏறத்தாழ 4.3 பாகை கூடும்போதெல்லாம் தேவையான நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 72 பாகைக்குப் பதில் 71 பாகையில் 15 நொடி வைத்திருப்பது, 72 பாகையில் ஏறத்தாழ 9 நொடி வைத்திருப்பதற்கே சமம். 70 பாகையில் அது 5 நொடிக்குச் சமமாகிவிடும். இது இரு சட்ட அளவுகளை மட்டும் கொண்டு போட்ட தோராயக் கணக்கு. ஒவ்வொரு கிருமிக்கும் இந்த எண் சற்று மாறும். எனினும் வெப்பமானியில் ஒரு பாகைப் பிழை என்பது சிறு பிழையன்று என்பதை உணர்த்த இது போதும்.

## ஆலையில் பாலின் பாதை

பச்சைப் பால் முதலில் சமநிலைத் தொட்டி எனப்படும் சிறு தொட்டிக்கு வருகிறது. அதிலுள்ள மிதவை பாலின் மட்டத்தை மாறாமல் வைத்திருக்கும். அங்கிருந்து எக்கி பாலைத் தகட்டு வெப்பமாற்றிக்கு அனுப்புகிறது. மெல்லிய துருப்பிடிக்கா எஃகுத் தகடுகளை இரப்பர் வளையங்களுடன் வரிசையாக அடுக்கி இறுக்கிய அமைப்பு இது. ஒரு தகட்டின் ஒரு பக்கம் ஒரு நீர்மமும் மறுபக்கம் வேறொரு நீர்மமும் ஓடும். இரண்டும் கலவாமல் வெப்பம் மட்டும் கடக்கும்.

வெப்பமாற்றியின் முதல் பகுதி மீளாக்கப் பகுதி. இங்கு 4 பாகையில் வரும் பச்சைப் பாலுக்கு வெப்பம் தருவது வெந்நீர் அன்று. ஏற்கனவே 72 பாகைக்குச் சூடாகித் திரும்பி வரும் பால். பச்சைப் பால் இங்கேயே 62 பாகைக்கு ஏறிவிட்டால், மொத்தம் ஏற வேண்டிய 68 பாகையில் 58 பாகை செலவின்றிக் கிடைத்துவிடுகிறது. இது 85 விழுக்காடு. எஞ்சிய 10 பாகையை மட்டும் வெந்நீர் தருகிறது. சூடான பாலும் இதே இடத்தில் பெருமளவு குளிர்ந்துவிடுவதால் குளிர்விக்கும் செலவும் குறைகிறது. இவ்வளவு இலாபமான இந்தப் பகுதியே ஆலையின் மிக ஆபத்தான இடமும் ஆகும். பச்சைப் பாலையும் பதனம் முடிந்த பாலையும் இங்கு பிரித்து நிற்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள தகடு மட்டுமே.

வெந்நீர்ப் பகுதியில் 72 பாகையை எட்டிய பால் தாங்கு குழாய் வழியே செல்கிறது. இக்குழாயில் வெப்பமூட்டல் ஏதும் இல்லை. பால் 15 நொடி பயணம் செய்வதற்கான நீளம் மட்டுமே உண்டு. அதன் முடிவில் வெப்ப உணரியும் திசைதிருப்பு வால்வும் உள்ளன. பால் போதிய வெப்பத்தில் இருந்தால் அது மீளாக்கப் பகுதிக்குச் சென்று, பின் குளிர்நீர்ப் பகுதியில் 4 பாகைக்குக் குளிர்ந்து சேமிப்புத் தொட்டியை அடையும். வெப்பம் குறைந்தால் வால்வு திரும்பி, பாலைச் சமநிலைத் தொட்டிக்கே அனுப்பிவிடும்.

### தாங்கு குழாயின் நீளம்

மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 2.78 லிட்டர் ஓடுகிறது. 15 நொடிக்கு 41.7 லிட்டர். உள்விட்டம் 60.3 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.86 லிட்டர் அடங்கும். ஆகவே 14.6 மீட்டர் நீளம் போதும் எனத் தோன்றும்.

ஆனால் குழாயில் எல்லாத் துளிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சுவரை ஒட்டிய பால் மெதுவாகவும் நடுவிலுள்ள பால் விரைவாகவும் செல்லும். சராசரி நேரம் 15 நொடியாக இருந்தால், நடுவில் ஓடும் பால் அதற்கு முன்பே வெளியேறிவிடும். விதி காக்க வேண்டியது சராசரித் துளியை அன்று, மிக வேகமான துளியை. பாலில் ஓட்டம் கொந்தளிப்பாக இருப்பதால் இவ்வேறுபாடு ஓரளவுக்குக் கட்டுப்படுகிறது. வடிவமைப்பாளர் 0.8 முதல் 0.9 வரை ஒரு திறன் காரணியைக் கொள்வர். 0.85 எனக் கொண்டால் நீளம் 17 மீட்டருக்குச் சற்று மேல் வரும்.

இந்த நீளம் 10,000 லிட்டருக்கே உரியது. எக்கியின் வேகத்தை யாரேனும் கூட்டி 12,000 லிட்டர் ஓடவிட்டால், வெப்பமானி 72 பாகையையே காட்டிக்கொண்டிருக்க, நேரம் மட்டும் 12.5 நொடியாகச் சுருங்கிவிடும். வெப்பநிலைப் பதிவுத்தாளில் இதற்கு எந்தத் தடயமும் இராது. எக்கியின் வேகக் கட்டுப்பாட்டை முத்திரையிட்டு வைப்பது இதனால்தான். நேரத்தை நேரடியாக அளக்க, ஓடும் நீரில் திடீரென உப்புக் கரைசலைச் செலுத்தி, குழாயின் இரு முனைகளிலும் மின்கடத்துத்திறன் உயரும் நொடிகளைக் குறிப்பர். குழாய் ஓட்டத்தின் திசையில் மேல்நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். இல்லையேல் காற்று மேலே தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். பாலுக்கான கொள்ளளவும் நேரமும் குறையும்.

### திசைதிருப்பு வால்வும் அழுத்த வேறுபாடும்

திசைதிருப்பு வால்வு பாலை முன்னோக்கி அனுப்புவதற்குத்தான் காற்றழுத்தமோ மின்சாரமோ தேவை. அவை நின்றுபோனால் உள்ளிருக்கும் சுருள்வில் வால்வைத் திருப்பிவிடும். அதாவது எது பழுதானாலும் பால் பின்னோக்கியே செல்லும்.

வால்வு தன் உணரியை நம்புகிறது. உணரி ஒரு பாகை கூடுதலாகக் காட்டினால், வால்வும் பதிவுக்கருவியும் சேர்ந்தே ஏமாறும். ஆகவே குழாயிலேயே தனியாக ஒரு காட்டு வெப்பமானி பொருத்தப்பட்டிருக்கும். பணியாளர் நாள்தோறும் இரண்டையும் ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். பதிவுக்கருவி காட்டு வெப்பமானியைவிடக் கூடுதலாகக் காட்டக் கூடாது என்பது விதி.

மீளாக்கப் பகுதியில் தகடு ஓட்டையானால் என்ன செய்வது? தகட்டை என்றும் ஓட்டையாகாமல் காப்பது இயலாது. அரிப்பும் அதிர்வும் ஒருநாள் ஊசித்துளையை உண்டாக்கும். எனவே பதனம் முடிந்த பாலின் அழுத்தம் எப்போதும் பச்சைப் பாலின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்குமாறு அமைக்கின்றனர். துளை விழுந்தாலும் பதனப் பால்தான் பச்சைப் பால் பக்கம் கசியும். இதில் இழப்பு உண்டு, தீங்கு இல்லை. அழுத்தம் தலைகீழானால் மட்டுமே தீங்கு.

## வாயிற்படிச் சோதனைகள்

வெப்பம் கெட்ட பாலை நல்ல பாலாக்காது. ஆகவே பால் வந்து இறங்கும் மேடையிலேயே தெரிவு நடக்கிறது. கேனின் மூடியைத் திறந்தவுடன் மணத்தை முகர்ந்து பார்ப்பது முதற்சோதனை. பழகிய மூக்கு எந்தக் கருவிக்கும் முந்தும். அடுத்து, சோதனைக்குழாயில் சிறிதளவு பாலைக் கொதிநீரில் வைத்துத் திரிகிறதா எனப் பார்ப்பர். அல்லது பாலின் அளவுக்குச் சமமாக 68 விழுக்காட்டு ஆல்கஹால் சேர்த்துக் குலுக்கி, திரள் தோன்றுகிறதா எனப் பார்ப்பர். திரிந்தால் அப்பாலில் புளிப்பு ஏறியுள்ளது. அது சூடான தகடுகளில் படிந்து ஆலையையே அடைத்துவிடும்.

புளிப்பை மறைக்கச் சிலர் சோடா கலப்பதுண்டு. அப்பால் அமிலச் சோதனையில் நல்ல பாலாகவே தோன்றும். இதைக் கண்டறிய, பாலுடன் சம அளவு ஆல்கஹாலும் சில துளி ரோசாலிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. இயல்பான பால் பழுப்பு நிறம் தரும். சோடா கலந்த பால் ரோசாச் சிவப்பாகும்.

நுண்ணுயிர்ப் பெருக்கத்தை அறிய மெத்திலீன் நீலச் சோதனை செய்யப்படும். 10 மி.லி. பாலுடன் 1 மி.லி. சாயத்தைச் சேர்த்து 37 பாகையில் வைத்தால், நுண்ணுயிர்கள் ஆக்சிசனைத் தீர்த்ததும் நீலம் மறையும். நிறம் 5 மணிநேரம் வரை நின்றால் மிக நல்ல பால். அரை மணிக்குள் மறைந்தால் மோசமான பால். இச்சோதனை, கறந்து சில மணிநேரத்தில் குளிரூட்டாமல் வரும் பாலுக்கு ஏற்றது. குளிர்தொட்டியில் ஓரிரு நாள் இருந்த பாலில் குளிரில் வளரும் நுண்ணுயிர்களே மிகுதி. அவற்றுள் பல 37 பாகையில் சுறுசுறுப்பாக இயங்குவதில்லை. ஆகவே சாயம் நீண்ட நேரம் நீலமாகவே இருந்து, பாலின் தரத்தைக் கூடுதலாக மதிப்பிட வைக்கும்.

### பால்மானியும் அதன் குறையும்

நீர்க்கலப்பை அறியப் பால்மானி பயன்படுகிறது. பாலின் அடர்த்தி நீரைவிடக் கூடுதலானதால், நீர் சேர்ந்த பாலில் பால்மானி ஆழமாக அமிழ்ந்து குறைந்த எண்ணைக் காட்டும். 60 பாகை பாரன்ஹீட்டில் அளவிடப்பட்ட பால்மானிக்கு ரிச்மண்ட் சூத்திரம் பின்வருமாறு:

கொழுப்பற்ற திடப்பொருள் விழுக்காடு = (திருத்திய பால்மானி அளவு ÷ 4) + (0.2 × கொழுப்பு விழுக்காடு) + 0.14

ஒரு கேன் பசும்பாலில் பால்மானி 70 பாகை பாரன்ஹீட்டில் 27.5 காட்டுகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு பாகைக்கும் 0.1 வீதம் கூட்ட, திருத்திய அளவு 28.5. கெர்பர் முறையில் கொழுப்பு 4.0 விழுக்காடு. எனவே கொழுப்பற்ற திடப்பொருள் 7.125 + 0.8 + 0.14, அதாவது 8.07 விழுக்காடு. இந்த மாட்டுப்பாலின் வழக்கமான அளவு 8.5 எனத் தெரிந்திருந்தால், ஏறத்தாழ 5 விழுக்காடு நீர் சேர்ந்துள்ளது எனலாம். (வேறு வெப்பநிலையில் அளவிடப்பட்ட பால்மானிகளுக்கு வேறு மாறிலிகள் உண்டு. ஒன்றன் சூத்திரத்தை மற்றொன்றுக்குப் போடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.)

பால்மானியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 4 விழுக்காடு கொழுப்பும் 8.5 விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருளும் உள்ள பாலில் பால்மானி 30.2 காட்டும். அதிலிருந்து பாலேட்டை எடுத்துக் கொழுப்பை 2.5 ஆக்கினால், இலேசான கொழுப்பு நீங்கியதால் அடர்த்தி கூடி அளவு 32 ஆகும். இப்போது 5.5 விழுக்காடு நீரைச் சேர்த்தால் மீண்டும் 30.2. இருமுறை ஏமாற்றிய பால் பால்மானியில் தூய பாலாக நிற்கிறது! ஆகவே கொழுப்பை அளக்காமல் பால்மானி அளவுக்குப் பொருளில்லை. கெர்பர் முறையில் 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால் ஆகியவற்றை அளவுக்குப்பியில் இட்டு மையவிலக்கியில் சுழற்றுவர். அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு குப்பியின் கழுத்தில் தனித்து நிற்கும். அளவை நேரடியாகப் படிக்கலாம்.

## பாஸ்ஃபட்டேஸ் சோதனை

பச்சைப் பாலில் இயல்பாகவே கார பாஸ்ஃபட்டேஸ் என்னும் நொதி உள்ளது. அதனால் உடல்நலத்துக்கு நன்மையோ தீமையோ இல்லை. ஆனால் அது வெப்பத்தில் அழியும் அளவு, பாலில் அஞ்சப்படும் நோய்க்கிருமிகள் அழியும் அளவைவிடச் சற்றே கூடுதலாக அமைந்திருப்பது ஒரு நற்பேறு. நொதி அழிந்திருந்தால் கிருமியும் அழிந்திருக்கும். நொதி எஞ்சியிருந்தால் பதனம் ஐயத்துக்குரியது. கிருமியைத் தேடப் பல நாட்கள் ஆகும். நொதியைத் தேட இரண்டு மணிநேரம் போதும். 1930களில் இங்கிலாந்தில் கே, கிரகாம் ஆகியோர் இதனைச் சோதனையாக்கினர். 1949இல் அஷாஃபென்பர்க், மல்லன் ஆகியோர் எளிதாக்கிய வடிவம் ஆலைகளில் பரவியது.

செய்முறை இது. பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் என்னும் நிறமற்ற பொருளைக் காரத் தாங்கற் கரைசலில் கரைத்து, அதில் 5 மி.லி. எடுத்து 37 பாகைக்குச் சூடாக்க வேண்டும். அதனுடன் 1 மி.லி. பாலைச் சேர்த்து, கலக்கி, 37 பாகை நீர்த்தொட்டியில் 2 மணிநேரம் வைக்க வேண்டும். நொதி இருந்தால் அப்பொருளைப் பிளந்து மஞ்சள் நிற பாரா நைட்ரோஃபீனாலை வெளிவிடும். அம்மஞ்சளை நிற ஒப்புமானியில், கொதிக்க வைத்த அதே பாலுடன் ஒப்பிட்டு அளப்பர். 10 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பதனம் முறையானது. 10க்கு மேல் 18 வரை சற்றுக் குறைவான பதனம். 18க்கு மேல் குறைபதனம். 42க்கு மேல் பெருங்குறை. இவை ஒரு மி.லி. பாலுக்கான மைக்ரோகிராம் அளவுகள்.

கொதித்த பாலை ஒப்பீடாக வைப்பதை விட்டுவிடக் கூடாது. பாலுக்கே இயல்பான இளமஞ்சள் உண்டு. கரைசல் பழையதானால் தானாகவே மஞ்சளாகும். எச்சில் பட்ட உறிஞ்சு குழாயும் பொய்யான மஞ்சளைத் தரும், ஏனெனில் உமிழ்நீரிலும் பாஸ்ஃபட்டேஸ் உண்டு.

இச்சோதனை ஏறத்தாழ 0.2 விழுக்காடு பச்சைப் பால் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும். நுட்பமானதுதான். எனினும் மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் ஆலையில் 0.2 விழுக்காடு என்பது 20 லிட்டர். மணிக்கு 10 லிட்டர் கசியும் ஊசித்துளை இந்த மஞ்சள் நிறத்துக்குத் தெரியாமல் போகக்கூடும். இதனால்தான் பல நாடுகளில் இப்போது ஒளிர்வு முறையில் இதே நொதியை அளக்கின்றனர். அது சில நிமிடங்களில், இதைவிடப் பல மடங்கு குறைந்த கலப்பையும் காட்டும்.

### ஓர் எடுத்துக்காட்டு

மேற்சொன்ன ஆலையில் அதிகாலை 3 மணிக்கு ஓட்டம் தொடங்குகிறது எனக் கொள்வோம். 4 மணிக்கு எடுத்த பையின் மாதிரி 6 மணிக்கு 24 என்னும் அளவைக் காட்டுகிறது. கொதித்த பால் ஒப்பீட்டில் மஞ்சள் இல்லை. ஆகவே கரைசல் பழுதன்று. பதிவுத்தாளில் வெப்பக்கோடு 72.6 பாகையில் அசையாமல் நிற்கிறது.

முதற்பணி, காரணத்தைத் தேடுவதன்று, பாலை நிறுத்துவது. மாதிரி எடுத்த 4 மணிக்கும் விடை வந்த 6 மணிக்கும் இடையில் 20,000 லிட்டர் ஓடியிருக்கும். சோதனை முடிவு வரும்வரை பாலைத் தொட்டியிலேயே நிறுத்தி வைக்கும் ஆலைக்கு இது ஒரு தொட்டிச் சிக்கல். பைகளை உடனுக்குடன் வண்டியில் ஏற்றும் ஆலைக்கோ, அந்நேரத்தில் அப்பால் வீடுகளின் வாசலில் இருக்கும்.

அடுத்து, பாலின் பாதையில் மூன்று இடங்களில் மாதிரி எடுக்கப்படுகிறது. திசைதிருப்பு வால்வைத் தாண்டியவுடன் எடுத்தது 2. மீளாக்கப் பகுதியை விட்டு வெளிவரும் இடத்தில் எடுத்தது 25. குளிர்நீர்ப் பகுதிக்குப் பின் எடுத்தது 24. வால்வருகே எடுத்த பால் முறையாகச் சூடாகியுள்ளது; ஆகவே வெப்பமானியிலோ நேரத்திலோ பிழையில்லை. அதன்பின் ஏதோ ஓரிடத்தில் நொதி மீண்டும் சேர்ந்துள்ளது. மீளாக்கப் பகுதிக்குள்தான் அளவு தாவுகிறது. எனவே பச்சைப் பால் தகட்டைக் கடந்து வந்துள்ளது.

முதல் மாதிரியே 25 காட்டியிருந்தால் பழுதை வேறிடத்தில் தேட வேண்டும்: உணரியின் பிழை, எக்கியின் வேகம், தாங்கு குழாயில் தங்கிய காற்று, சரியாக மூடாத வால்வு ஆகியவற்றுள் ஒன்று. மூன்று மாதிரிகளும் நன்றாக இருந்து பையில் மட்டும் மஞ்சள் வந்தால், குழாய் இணைப்புத் தவறாலோ கழுவாத தொட்டியாலோ பச்சைப் பால் பின்னர் கலந்துள்ளது எனலாம்.

வெப்பமாற்றியைக் கழற்றும் முன் அழுத்தமானிகளைப் பார்க்கிறார்கள். பதனப் பாலின் பக்கம் அழுத்தம் குறைந்திருக்கிறது. முந்தைய நாள் பை அடைக்கும் பொறிக்குக் கூடுதல் ஓட்டம் வேண்டி, பின்னழுத்த வால்வை ஒருவர் தளர்த்தியிருந்தார். பின் ஒரு பக்கம் மட்டும் நீரை அழுத்தத்துடன் நிரப்பி மறுபக்கத்தைத் திறந்து வைக்க, நீர் சொட்டுகிறது. தகடுகளைப் பிரித்து ஒரு பக்கம் ஊடுருவும் சாயத்தைப் பூசிப் பார்த்ததில், ஒரு தகட்டின் மடிப்பில் ஊசித்துளை ஒன்று மறுபக்கம் புள்ளியாகத் தெரிகிறது. துளை பல வாரங்களாகவே இருந்திருக்கலாம். அதுவரை நல்ல பால் கெட்ட பால் பக்கம் கசிந்ததால் எவருக்கும் தெரியவில்லை. வால்வைத் தளர்த்திய நாளில்தான் கசிவின் திசை திரும்பியது.

தகட்டை மாற்றி, அழுத்தத்தைச் சரிசெய்து, ஆலையைக் கழுவிய பின், நிறுத்தி வைத்த பால் மீண்டும் பதனம் செய்யப்படும். புதிய ஓட்டத்தின் மாதிரி 10க்குள் வந்த பிறகே அது வெளியேறும்.

### பொய்யான விடைகள்

மஞ்சள் நிறம் எப்போதும் குறைபதனத்தையே குறிப்பதன்று. சில நுண்ணுயிர்களும் பாஸ்ஃபட்டேஸைச் சுரக்கும். அது பாலின் நொதியைவிட வெப்பத்தைத் தாங்கும். ஐயம் எழுந்தால் அந்த மாதிரியையே ஆய்வகத்தில் 63 பாகையில் 30 நிமிடம் வைத்து மீண்டும் சோதிப்பர். அப்போதும் மஞ்சள் வந்தால் அது நுண்ணுயிரின் நொதி. பாலேடு போன்ற கொழுப்பு மிகுந்த பொருள்களை மிகு வெப்பத்தில் பதனம் செய்து, பின் குளிர் குறைவாக வைத்திருந்தால், அழிந்த நொதி ஓரளவு மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. இதனை மக்னீசியம் சேர்த்த தனிச் சோதனையால் பிரித்தறியலாம்.

## பதனத்துக்குப் பிந்தைய கலப்பு

பாஸ்ஃபட்டேஸ் சோதனை கடந்த காலத்தை மட்டுமே சொல்லும்: இப்பால் சூடானதா, அதில் பச்சைப் பால் கலந்துள்ளதா? சூடான பின் அழுக்கான குழாயிலிருந்தோ பணியாளர் கையிலிருந்தோ கிருமி சேர்ந்திருந்தால் அது அறியாது. அதற்குக் கோலிஃபார்ம் சோதனை வேண்டும். இவ்வகை நுண்ணுயிர்கள் 72 பாகையில் எளிதில் அழிபவை. ஆகவே புதிதாக அடைத்த பையில் அவை ஒரு மி.லி.க்குப் பத்துக்கு மேல் தென்பட்டால், அவை பின்னர் வந்து சேர்ந்தவை. ஊதாச் சிவப்புப் பித்த அகரில் பாலைக் கலந்து 24 மணிநேரம் வைத்தால் கருஞ்சிவப்புப் புள்ளிகளாக வளரும்.

இரு சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாஸ்ஃபட்டேஸ் நன்றாக இருந்து கோலிஃபார்ம் மிகுந்தால் கழுவுதலில் குறை. குளிர்நீர்ப் பகுதியின் தகடு ஓட்டையானாலும் இதே விடை வரும். ஆனால் அப்போது குளிர்நீரும் பாலில் சேர்வதால் பால்மானி அளவும் சற்றுக் குறையும்.

1985இல் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் பதனம் செய்யப்பட்ட பாலால் சால்மொனெல்லா நோய் பரவியது. 16,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருந்தது ஆய்வகத்தில் உறுதியானது. அந்த ஆலையின் பதனப் பொறி குறைபட்டதாகக் கருதப்படவில்லை. பச்சைப் பால் தொட்டிக்கும் பதனப் பால் தொட்டிக்கும் இடையே இருந்த ஒரு குழாய் இணைப்பின் வழியே சிறிதளவு பச்சைப் பால் கலந்திருக்கலாம் என்பதே விசாரணையில் எழுந்த ஐயம்.

## எல்லைகள்

பேசில்லஸ் போன்ற நுண்ணுயிர்களின் வித்துகள் 72 பாகையைத் தாங்கிப் பிழைக்கும். பாலைக் குளிரில் வைத்தால் அவை வளராமல் அல்லது மிக மெதுவாகவே வளரும். ஆகவே 4 பாகைக்குக் குளிர்விப்பதும் பதனத்தின் ஒரு பகுதியே. பையைக் கடையில் வெயிலில் அடுக்கி வைத்தால் ஆலையின் எந்தச் சோதனையும் அப்பாலைக் காக்காது. பச்சைப் பாலில் குளிரில் வளரும் நுண்ணுயிர்கள் முன்பே பெருகியிருந்தால், அவை சுரந்த கொழுப்புச் சிதை நொதிகளும் வெப்பத்தைத் தாண்டி எஞ்சி, சில நாட்களில் பாலுக்குக் கசப்பு அல்லது சிக்கு மணம் தரும்.

மறுபுறம், அஞ்சி வெப்பத்தை மிகவும் கூட்டுவதும் தீர்வன்று. பால் 80 பாகையை நெருங்கும்போது வெந்த மணம் தோன்றும். தகடுகளில் புரதம் படியும். பாலேடு பிரிந்து மேலெழுவது குறையும். பாலின் மற்றொரு நொதியான லாக்டோபெராக்சிடேஸ் 72 பாகையில் 15 நொடியைத் தாங்கும், ஆனால் 80 பாகையில் சில நொடிகளில் அழிந்துவிடும். எனவே முறையாகப் பதனம் செய்த பாலில் பாஸ்ஃபட்டேஸ் இருக்கக் கூடாது, பெராக்சிடேஸ் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லாத பால் தேவைக்கு மேல் சூடாக்கப்பட்டது.